இ.எஸ்.ஆர். 48: நோயின் அறிகுறியா, ரத்தசோகையின் விளைவா?

கேள்வி: நான் 58 வயதுப் பெண். ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். 48, ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது; சி.ஆர்.பி. இயல்பாக உள்ளது. காய்ச்சலோ மூட்டுவலியோ இல்லை, சோர்வு மட்டும் உண்டு. காசநோயோ புற்றுநோயோ இருக்குமா டாக்டர்?

பதில்: உங்கள் அறிக்கையில் நான் முதலில் கவனிப்பது ஹீமோகுளோபின் 9.2 என்பதைத்தான். அது இ.எஸ்.ஆரை எப்படி உயர்த்தியிருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த ரத்தத்தை மெல்லிய குழாயில் செங்குத்தாக நிறுத்தி, சிவப்பணுக்கள் அடியில் இறங்க, ஒரு மணி நேரத்தில் மேலே எத்தனை மில்லிமீட்டர் பிளாஸ்மா தெளிந்து நிற்கிறது என்று அளப்பதே இ.எஸ்.ஆர். பரிசோதனை. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கியபடி மெதுவாக இறங்கும். அழற்சி ஏற்படும்போது கல்லீரல் அதிகமாக உற்பத்தி செய்யும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் இந்த விலக்கத்தைக் குறைத்துவிடுவதால், அணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அந்த அடுக்குக்கு எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைவு என்பதால், பிளாஸ்மாவின் தடையை மீறி வேகமாக இறங்குகிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் இம்யூனோகுளோபுலின் புரதங்கள் மிகுந்தாலும் இதுவே நடக்கும்.

நிமோனியா, காசநோய், முடக்குவாதம், புற்றுநோய், அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்று எந்தக் காரணத்தால் புரதம் கூடினாலும் குழாயில் தெரிவது ஒரே விளைவுதான். ஆகவே இந்த எண்ணை வைத்து எந்த நோயின் பெயரையும் சொல்ல இயலாது, இ.எஸ்.ஆர். இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் சொல்ல இயலாது. குழாய் சற்றுச் சாய்ந்திருந்தாலும் அளவு கூடிவிடும்.

ரத்தசோகையில் அழற்சியே இல்லாமலும் இ.எஸ்.ஆர். உயரும். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருப்பதால், ஒன்றின் இறக்கத்துக்கு மற்றொன்று தடையாவதும் குறைகிறது. வயதும் கணக்கில் வரும்: பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பதை உச்ச வரம்பாகக் கொள்வது ஒரு தோராயமான வழக்கம். உங்களுக்கு அது 34. அழற்சி இருந்தால் ரத்தத்தில் உயரும் புரதமான சி.ஆர்.பி.யும் இயல்பாக இருக்கும் நிலையில், 48 வரையான மிகுதிக்கு ரத்தசோகையே போதிய காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த ரத்தசோகை ஏன் வந்தது என்பதைக் கட்டாயம் கண்டறிய வேண்டும். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்தால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது சரியல்ல. இரைப்பையிலோ பெருங்குடலிலோ மெதுவான ரத்தக்கசிவு உள்ளதா என்று எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி மூலம் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் குறையவில்லையென்றால், ரத்தப் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் சீரம் புரத எலக்ட்ரோபோரிசிஸ், கால்சியம், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வேன். ஏனெனில் எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் இம்யூனோகுளோபுலின் மிகுந்து, சி.ஆர்.பி. உயராமலே இ.எஸ்.ஆர். உயரக்கூடும், அதில் ரத்தசோகையும் சேர்ந்தே வரும். ஹீமோகுளோபின் சீரான பிறகு இ.எஸ்.ஆரை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.