சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் எந்த நாட்டுடையது?

கேள்வி: மேற்படிப்புக்காகப் பாரிஸில் வாடகை அறை தேடுகிறேன். ஒரு விளம்பரப் படத்தில் பிளக் பாயிண்ட், சுவிட்ச், மொசைக் தரை எல்லாம் தெரிகின்றன. அந்த அறை பாரிஸில்தானா என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பாரிஸ் என்று உறுதி செய்ய முடியாது. பாரிஸ் இல்லை என்றால் அதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பாயிண்ட்கள் இருக்கின்றன. ஒன்றில் பிளக் செருகியிருக்கிறது, அதனால் அது உதவாது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் சாக்கெட் வட்டக் குழியாகத்தான் இருக்கும். பிளக்கைச் செருகிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் காலியான சாக்கெட்டில்தான் இருக்கிறது. பிரெஞ்சு சாக்கெட்டில் இரண்டு துளைகளோடு, எர்த்துக்காக ஓர் உலோக முள் குழிக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ஜியம், போலந்து, செக் நாடுகளிலும் இதே வகைதான். ஜெர்மன் வகையில் அந்த முள் கிடையாது. அதற்குப் பதிலாகக் குழியின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். உங்கள் படத்தில் காலியாக இருக்கும் பாயிண்டில் முள் இல்லை, மேலும் கீழும் பட்டைகள் மின்னுகின்றன.

ஆக, இது பிரெஞ்சு அறையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜெர்மன் வகை ஜெர்மனியில் மட்டுமல்ல, நெதர்லாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பல நாடுகளில் உண்டு. இங்கேதான் தரை கைகொடுக்கிறது. சிறு கல்துண்டுகள் பதித்த மொசைக் பலகைகள், சுவரோரமும் அதே கல்லில் பட்டை: ஸ்பெயினில் 1960, 70களில் கட்டிய குடியிருப்புகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஆனால் இத்தாலியிலும் இப்படித் தரை உண்டு. அங்கே மூன்று துளைகள் ஒரே வரிசையில் இருக்கும் சாக்கெட் பரவலாக இருப்பதால், எனக்கு ஸ்பெயின் பக்கம்தான் சந்தேகம் சாய்கிறது. தரையை மட்டும் நம்பி நான் நாட்டைச் சொல்லமாட்டேன், சாக்கெட்டுக்குத் துணையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

சுவிட்சும் விளக்கும் இந்தப் படத்தில் பெரிதாக உதவவில்லை. அகலமான வெள்ளைச் சுவிட்ச் ஐரோப்பா முழுக்க இருக்கிறது. தொங்கு விளக்கை யாரும் எங்கிருந்தும் வாங்கி மாட்டலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இதே காரணத்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்; சுவரில் பதிந்திருப்பதை மட்டும் பாருங்கள்.

சரி, ஒருவேளை முள் இருந்திருந்தால்? அப்போதும் நிம்மதி வேண்டாம். உண்மையான பாரிஸ் வீட்டின் படத்தையே வேறு விளம்பரத்திலிருந்து திருடியிருக்கலாம். வீட்டுக்காரரை வீடியோ அழைப்பில் வரச்சொல்லி, ஜன்னலிலிருந்து தொடங்கி அந்த மேசையோரச் சாக்கெட் வரை கேமராவை நிறுத்தாமல் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் முன்பணம் அனுப்பாதீர்கள்.