டி.சி. கேட்டு எழுதும் கடிதம்: சேலம், ஏற்காடு பெற்றோரின் கேள்விகள்

மகள் ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எஸ்டேட் வேலையை விட்டு இறங்குகிறோம். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவளைச் சேலம் அம்மாப்பேட்டையில் சேர்க்க வேண்டும். கடிதத்தில் என்ன எழுதுவது?

டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழின் படிவத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "பெற்றோர் விண்ணப்பித்த தேதி", "மாணவர் பள்ளியை விட்டு நின்ற தேதி", "சான்றிதழ் வழங்கிய தேதி" என்று அதில் மூன்று தேதிகள் வரும். முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலிருந்து போக வேண்டியவை. கடிதத்தில் கடைசி நாளைச் சொல்லாவிட்டால், அலுவலகத்தில் இருப்பவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தமக்குத் தோன்றிய நாளைப் போடுவார். நடுவில் காய்ச்சலுக்கு லீவு எடுத்த நாள்கூட "நின்ற தேதி" ஆகிவிடலாம். அப்போது குழந்தை சில வாரம் எந்தப் பள்ளியிலும் இல்லாதது போலத் தாளில் தெரியும்.

டிசம்பர் 15 அன்று கடிதம் கொடுக்கிறீர்கள், 23 அன்று பள்ளி முடிகிறது என்று வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

> பொருள்: மகளைப் பள்ளியிலிருந்து விடுவித்து மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கோருதல்.
>
> ஐயா / அம்மா,
> தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகள் (பெயர், முன்னெழுத்து, சேர்க்கை எண், எமிஸ் எண்) குடும்பம் சேலத்துக்குக் குடிபெயர்வதால், அரையாண்டுத் தேர்வு எழுதி முடித்து, 23.12 வரை பள்ளிக்கு வருவாள். அந்த நாளையே அவள் பள்ளியை விட்டு நிற்கும் நாளாகக் கொண்டு, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வழங்கி, எமிஸ் தளத்திலும் அவள் பெயரை விடுவித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
> இப்படிக்கு, (கையொப்பம், பெயர், உறவு, கைபேசி எண், 15.12)

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம். காரணத்துக்கு ஒரு வரி போதும். ஆசிரியர் மேல் வருத்தம், கட்டணத்தில் மனக்கசப்பு என்று எது இருந்தாலும் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். இந்தக் கடிதம் பள்ளிக் கோப்பில் நிரந்தரமாகத் தங்கும்; அதில் இருக்க வேண்டியது விவரம் மட்டுமே. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்கிறார்கள்.

செல்லும். கல்வி உரிமைச் சட்டம் "பெற்றோர்" என்று சொல்லும்போது தந்தை அல்லது தாய் என்றுதான் சொல்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் இருந்தால் பேச்சே இல்லை. தாத்தாவோ மாமாவோ போய் வாங்குவதாக இருந்தால்தான், பெற்றோர் ஒருவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கூட வேண்டும்.

சேலத்தில் தனியார் பள்ளி, மகன் நான்காம் வகுப்பு. இரண்டு தவணைக் கட்டணம் பாக்கி. கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள், கடிதத்தையே வாங்க மறுக்கிறார்கள்.

பாக்கியும் டி.சி.யும் வெவ்வேறு. டி.சி.யைக் கட்டண வசூலுக்கான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, நிலுவை இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதனால் பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது. பள்ளி அதைச் சட்டப்படி வேறு வழியில் கேட்கலாம். அது நீங்கள் கொடுக்க வேண்டிய பணம்தான். ஆகவே கடிதத்தில் பாக்கியை மறைக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "கட்டண நிலுவை குறித்துத் தனியே பேசித் தீர்த்துக்கொள்கிறேன், அதற்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்க வேண்டாம்" என்று ஒரே வரி சேருங்கள். எப்போது எவ்வளவு தர முடியும் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் பேச்சுவார்த்தை சுமுகமாகப் போகும்.

கையில் வாங்க மறுத்தால் தலைமை ஆசிரியர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் கடிதப் பிரதியோடு பின் செய்து வையுங்கள். அந்தச் சான்றில் உள்ள நாள்தான் நீங்கள் விண்ணப்பித்ததற்கு ஆதாரம். ஒரு வாரம் பார்த்தும் பதில் இல்லையென்றால், அதே பிரதிகளை இணைத்துத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. வாய்ப்புகாரோடு போனால் அலுவலகத்தில் முதலில் கேட்பதே "எழுதிக் கொடுத்தீர்களா?" என்பதுதான்.

இதற்காகப் பையனை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறுகிற குழந்தைக்கு, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் தள்ளிப்போடவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது. டி.சி.யை உடனே தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஒன்பதாம் வகுப்பு முதல் இந்தப் பிரிவு கை கொடுக்காது. உயர் நீதிமன்றத் தீர்ப்பைத்தான் காட்ட வேண்டும்; அது இப்போதும் நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் விடுதியோடு கூடிய பள்ளி. ஏப்ரலில் எடுத்துவிடலாம் என்று மார்ச் கடைசியில் சொன்னோம். ஒரு பருவக் கட்டணம் கேட்கிறார்கள்.

சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட விதிப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விடுதிப் பள்ளிகள் பலவற்றில், ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பருவத்துக்கான கட்டணம் உண்டு என்ற விதி இருக்கும். போனில் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் சொன்னதையும் அறிவிப்பாக ஏற்காமல் போகலாம். அப்படி விதி இருந்தால் முன்வைப்புத் தொகையில் கழிப்பார்கள். மீதியைக் கேட்டு வங்கிக் கணக்கு விவரத்தோடு தனிக் கடிதம் கொடுங்கள். டி.சி. கடிதத்தில் இதைக் கலந்தால், கணக்குப் பிரிவில் கோப்பு தங்கி டி.சி.யும் சேர்ந்து தாமதமாகும்.

ஆண்டுக் கடைசியில் எடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டி.சி.யில் "மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உண்டா" என்று ஒரு கட்டம் உண்டு. தேர்வு முடிவு பதிவாகும் முன்பே அவசரப்படுத்தி வாங்கினால் அங்கே "படித்துக்கொண்டிருந்தார்" என்று மட்டும் இருக்கும். புதிய பள்ளி அதே வகுப்பில் சேர்க்கப் பார்க்கும். "தேர்ச்சி விவரம் பதிந்த பிறகு வழங்கவும்" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

டி.சி. கையில் இருக்கிறது. ஆனால் "பெயர் பழைய பள்ளியிலேயே நிற்கிறது" என்று புதிய பள்ளியில் சொல்கிறார்கள்.

எமிஸில் பழைய பள்ளி உங்கள் குழந்தையைப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது காமன் பூலுக்கு, இன்னும் நகர்த்தவில்லை. அங்கே வந்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளிக்கு டி.சி. எண்ணையும் எமிஸ் எண்ணையும் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

டி.சி. வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று படியுங்கள். முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தேதி ஒன்றுதானா, நின்ற தேதி நீங்கள் கேட்டதுதானா என்று பார்த்துவிட்டே பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். பிழை இருந்தால் புதுத் தாளில் கேளுங்கள். அடித்துத் திருத்திய டி.சி.யைப் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கோ கல்லூரிக்கோ காட்டும்போது கேள்வி வரும்.

பெங்களூருக்குப் போகிறோம். இதே கடிதம் போதுமா?

கடிதம் இதேதான். "வெளிமாநிலத்தில் சேர்க்க இருக்கிறோம்" என்று ஒரு வரி கூட்டுங்கள். கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று அங்குள்ள பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சேலத்தில் இருக்கும்போதே வாங்கினால் ஓரிரு நடையில் முடியும். போன பிறகு என்றால் அதற்காகவே ரயில் ஏற வேண்டியிருக்கும்.