மாத்திரை போட்ட இரவில் மூளை எப்படித் தூங்குகிறது? – கேள்வி பதில்

தூக்க ஆய்வகத்தில் இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன் நான். மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. மருந்து போட்டுக்கொண்டு படுத்தவரின் மூளை அலைகள் விடியும் வரை எப்படி ஓடுகின்றன என்று பார்த்துக் குறிப்பதுதான் என் வேலை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

கரூரிலிருந்து ஒரு மகன்: அக்கா, அம்மாவுக்கு 61 வயசு. ஆறு வருஷமா ராத்திரி அல்பிரசோலம் 0.5 போடுறாங்க. "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்"னு சொல்றாங்க. ஆனா பகல்ல சோர்வு, சொன்னது மறந்துபோகுது. நல்லாத் தூங்குற ஆளுக்கு ஏன் இப்படி?

உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை தம்பி. அதே மாத்திரையோடு எங்களிடம் வந்த ஒருவரின் பதிவைச் சொல்கிறேன், அதிலிருந்து நிறையப் புரியும். ஐம்பதுகளில் இருந்தவர், குறட்டைக்காகச் சோதனைக்கு வந்தார். வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் படுத்தார். மொத்தம் 7 மணி நேரம் தூங்கினார். அதில் ஆழ்ந்த உறக்கம் 25 நிமிடம். அந்த வயதில் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருந்தால் வியப்படைய மாட்டேன். கனவு உறக்கம் 71 நிமிடம், கொஞ்சம் குறைவுதான். வழக்கமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் வரவேண்டிய முதல் கனவுச் சுற்று, அவருக்கு 2 மணி 20 நிமிடம் கழித்தே வந்தது. மிச்சத்தில் கிட்டத்தட்ட 5 மணி நேரம் இரண்டாம் நிலை என்று நாங்கள் சொல்லும் நடுத்தர உறக்கம்.

திரையில் இது எப்படித் தெரியும் என்றால், இரவை 30 விநாடிப் பக்கங்களாகப் பிரித்துப் படிப்போம். ஒரு பக்கத்தில் குறைந்தது 6 விநாடிக்காவது பெரிய, மெதுவான அலைகள் இருந்தால்தான் அது ஆழ்ந்த உறக்கம். அலையின் உயரமும் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்ட வேண்டும். இவருடைய பதிவில் மெதுவான அலைகள் வரத்தான் செய்தன, ஆனால் பாதிக்கு மேல் அந்தக் கோட்டைத் தொடாமலே அமுங்கிப்போயின. அவற்றின் மேல் பொடிப்பொடியாக வேக அலைகள் ஏறியிருந்தன. அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகை மாத்திரை போட்டவர் என்பதை, கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே பல நேரம் இந்த வேக அலைகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. இரவு 2:10க்கு அவர் காலில் ஒட்டிய ஒயர் கழன்றுவிட்டது. நான் உள்ளே போய்த் திரும்ப ஒட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார், "மணி என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தார். காலையில் கேட்டால், "நடுவில் எழுந்திருக்கவே இல்லை, அருமையான தூக்கம்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த மாத்திரை சீக்கிரம் தூங்கவைக்கிறது, விழிப்புகளைக் குறைக்கிறது. அதோடு, வந்த விழிப்பும் நினைவில் பதியாமல் செய்துவிடுகிறது. "நன்றாகத் தூங்கினேன்" என்று காலையில் சொல்வது நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதானே? விழித்துக் கிடந்த நேரம் நினைவில் இல்லாவிட்டால், அந்த இரவு முழுத் தூக்கமாகத்தான் தெரியும்.

அம்மாவின் பகல் சோர்வை முழுக்க ஆழ்ந்த உறக்கத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறையவே 11 மணி நேரம் போல ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். காலை காபி குடிக்கும்போதும் மருந்து உள்ளேதான் இருக்கிறது. மறதிக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறாரா என்றும் கவனியுங்கள். இந்த மூன்றையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

மருந்துக் கடை வைத்திருப்பவர்: தூக்க மாத்திரை எதுவானாலும் கனவை அடியோட நிறுத்திடும். சோல்பிடெம் மட்டும்தான் இயற்கைத் தூக்கம் மாதிரி. கேக்கறவங்ககிட்ட நான் அப்படித்தான் சொல்றேன்.

பாதி சரி. வழக்கமான அளவில் சோல்பிடெம் ஆழ்ந்த உறக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து இயற்கைத் தூக்கம் என்று சொல்லிவிட முடியாது. அதிலும் நினைவு பதியாமல் போகும். தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது எல்லாம் நடந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் அந்த மருந்துக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை வைத்தது. அதற்கு முன்பே, 2013இல், பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. காலையிலும் அவர்கள் ரத்தத்தில் மருந்து அதிகம் தங்கியதுதான் காரணம்.

கனவு விஷயத்திலும் எல்லா மருந்தும் ஒன்றில்லை. பென்சோடயசெபின்கள் கனவு உறக்கத்தைத் தள்ளிப்போட்டுச் சிறிது வெட்டும், அடியோடு நிறுத்தாது. அவற்றின் பெரிய அடி ஆழ்ந்த உறக்கத்தின் மேல்தான். கனவு உறக்கத்தை நன்றாக அமுக்குவது அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகள். ட்ரசோடோன் நேர்மாறாக ஆழ்ந்த உறக்கத்தைக் கூட்டவும் செய்யும். அப்புறம், அல்பிரசோலமும் சோல்பிடெமும், டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சீட்டு இல்லாமல் கேட்பவருக்கு எது நல்லது என்று சொல்வதைவிட, டாக்டரிடம் அனுப்புவதுதான் சரி.

ஓசூர், ஷிஃப்ட் வேலை: மாத்திரை இல்லாம 4 மணி நேரம், போட்டா 7 மணி நேரம் தூங்குறேன். கூடத்தானே செய்யுது? குறையுதுன்னு எப்படிச் சொல்றீங்க?

மணிக்கணக்கு கூடுகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. கூடிய நேரத்தில் பெரும்பகுதி இரண்டாம் நிலை உறக்கம். குறைகிறது என்று சொல்வது, உள்ளே இருக்கும் ஆழ்ந்த பகுதியையும் கனவுப் பகுதியையும்தான். உங்கள் விஷயத்தில் ஷிஃப்ட் மாறும் நாளில்தான் தூக்கம் கெடுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி என்றால் கோளாறு வேலை நேரத்தில் இருக்கிறது, டாக்டரிடமும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மருந்தியல் முதுநிலை மாணவர்: அலையின் உயரம் குறைந்ததாலேயே தூக்கத்தின் வேலை கெட்டுவிட்டது என்று சொல்ல முடியுமா மேடம்? மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியைத் தூண்டும் மருந்து, மூளை அலைப் பதிவான இஇஜியை மாற்றத்தான் செய்யும். இரண்டாம் நிலையில் சிறு கொத்தாக வரும் ஸ்பிண்டில் அலைகள் கூடுகின்றனவே, அவை நினைவாற்றலுக்கு உதவும் என்கிறார்கள்.

நல்ல கேள்வி, இதற்கு முடிந்த முடிவாக ஒரு பதில் கிடையாது. 75 மைக்ரோவோல்ட் என்பது நாம் போட்டுக்கொண்ட கோடு. 80இல் இருந்த அலை மருந்தால் 70 ஆனால், அந்தப் பக்கம் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கிவிடும். அந்த 10 மைக்ரோவோல்ட்டில் மூளை எதை இழந்தது என்பதை என் திரை சொல்லாது. நீங்கள் சொல்லும் ஸ்பிண்டில் விஷயமும் உண்மை. இளம் வயது ஆரோக்கியமானவர்களுக்குச் சோல்பிடெம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. ஸ்பிண்டில்கள் கூடின, சொற்களை நினைவில் வைக்கும் திறனும் கூடியது.

ஆனால் ஒரு முறை மாத்திரை போட்ட இளைஞரின் முடிவை, ஆறு வருஷமாகப் போடும் 61 வயது அம்மாவுக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. வயதாக ஆக மெதுவான அலைகள் தானாகவே சிறுத்துக்கொண்டு வரும். அங்கே போய் இன்னும் அமுக்குவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேடு இவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கேடே இல்லை என்பதற்கும் ஆதாரம் போதாது.

பெயர் வேண்டாம் என்றவர்: இரண்டு வருஷம் போட்ட மாத்திரையைப் போன மாசம் ஒரேயடியா நிறுத்தினேன். மூணு நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. அப்புறம் கண்ணை மூடினாலே பயங்கரக் கனவு. திரும்பப் போட்டுட்டேன். எனக்கு இனி மாத்திரை இல்லாம தூக்கமே வராதுன்னு புரிஞ்சுபோச்சு.

அது அப்படியில்லை. நீங்கள் பார்த்தது உங்கள் இயல்பான தூக்கத்தை அல்ல, மருந்து திடீரென்று விலகியதற்கு மூளை காட்டிய எதிர்வினையை. அமுங்கியிருந்த கனவு உறக்கம் பொங்கிக்கொண்டு வரும், அதனால்தான் அந்தக் கனவுகள். எடின்பரோவில் தூக்க ஆய்வாளர்கள் இயன் ஆஸ்வால்டும் பிரீஸ்டும் 1965லேயே இதைக் காட்டிவிட்டார்கள். நைட்ராசெபாம் என்ற பென்சோடயசெபினையும், அன்றைக்குப் புழங்கிய பார்பிசுரேட் வகைத் தூக்க மாத்திரை ஒன்றையும் சில வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். கனவு உறக்கம் வழக்கத்தைவிட எகிறியது, பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆனது. நீங்கள் மூன்று நாளில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

திடீரென்று நிறுத்துவதில் கெட்ட கனவைவிடப் பெரிய ஆபத்து வலிப்பு. அதனால் டாக்டரோடு சேர்ந்து படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இப்போது பரவலாகச் சொல்வது, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது. எவ்வளவு வேகமாகப் போனாலும் இரண்டு வாரத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு படியிலும் சில இரவுகள் மோசமாக இருக்கும். அப்போது அடுத்த படிக்குப் போகாமல் அதே அளவில் நின்றுகொள்ளலாம். கூடவே தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையும் எடுத்தால் இறங்குவது எளிது. அதில் தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, கட்டிலில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது போன்ற பயிற்சிகள் உண்டு.

வேளச்சேரி: என் வாட்ச்ல டீப் ஸ்லீப் 1 மணி 40 நிமிஷம் காட்டுது, மாத்திரை போட்ட அன்னிக்கும்தான். அப்ப எனக்குப் பாதிப்பு இல்லைதானே?

வாட்ச் மூளை அலையைப் பார்ப்பதில்லை. நாடித்துடிப்பையும் கை அசைவையும் வைத்து ஊகிக்கிறது. மாத்திரை போட்டால் உடம்பு அசையாமல் கிடக்கும், அதை அது ஆழ்ந்த உறக்கம் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பதற்கு அதை நம்பலாம். இந்தக் கேள்விக்கு அது உதவாது.

தஞ்சாவூர், மகள்: அப்பா தூக்கத்துல கத்துவார், கையை வீசுவார், ஒரு தடவை கட்டிலிலிருந்து விழுந்துட்டார். நியூராலஜிஸ்ட் குளோனசெபாம் கொடுத்திருக்கார். இதெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. நிறுத்திடலாமா அக்கா?

வேண்டாம்மா. அவருக்கு அது தூக்க மாத்திரையாகக் கொடுத்ததல்ல. கனவு உறக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் தளராமல், கனவில் செய்வதையெல்லாம் கை காலால் செய்துவிடுவது ஒரு நோய். அந்த வீச்சை அடக்கத்தான் குளோனசெபாம். அதற்காகக் கொஞ்சம் ஆழ்ந்த உறக்கத்தை விட்டுக்கொடுப்பது தகும், விழுந்து இடுப்பெலும்பு முறிவது அதைவிடக் கொடுமை. இந்த நோய் சிலருக்குப் பார்க்கின்சனுக்குப் பல வருஷம் முன்பே வருவதுண்டு. அதனால் நியூராலஜிஸ்டிடம் தொடர்ந்து காட்டுவதை விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குக் குறட்டையோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதோ இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். குளோனசெபாம் அதை மோசமாக்கலாம், அப்போது வேறு மருந்து யோசிப்பார். அதுவரை கட்டில் பக்கத்தில் கண்ணாடி, கூரான மேசை எதுவும் இல்லாமல் தள்ளிவையுங்கள், கீழே ஒரு மெத்தையும் போட்டுவையுங்கள்.