ஸ்லைடில் "நன்றாக ஃப்ளஷ் செய்யவும்" என்று இருந்தால் புதுப் பையன் என்ன செய்வான்?

கேள்வி: "ஆர்.ஓ. வாட்டர் ப்யூரிஃபையர் விற்று, வீட்டுக்கே போய்ப் பொருத்தியும் தருகிறோம். கம்பெனி கொடுத்த 42 ஸ்லைடு ட்ரெயினிங் பி.பி.டி. கையில் இருக்கிறது. அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள் ஆளுக்கு ஒரு மாதிரி பொருத்திவிட்டு வருகிறார்கள். அதை, வேலையைப் படிப்படியாகச் சொல்லும் எஸ்.ஓ.பி.யாக மாற்றுவது எப்படி?"

முதலில் ஸ்லைடுகளை வேர்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விண்டோஸ் பவர்பாயின்ட்டில் File > Export > Create Handouts போய் "Notes next to slides" என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஸ்லைடுக்குப் பக்கத்திலேயே பேச்சாளர் குறிப்பும் வந்துவிடும். ட்ரெயினர் வாயால் சொன்ன விஷயம் எங்காவது எழுத்தில் இருந்தால் அது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து, இதைப் படித்துவிட்டு டெக்னீஷியனின் கை எதையாவது செய்யுமா என்று கேளுங்கள். "ஏழு அடுக்குச் சுத்திகரிப்பு" விற்பனைக்கு. மெம்பிரேன் வேலை செய்யும் விதம் தெரிந்துகொள்வதற்கு. இவை இரண்டும் எஸ்.ஓ.பி.க்குள் வரக் கூடாது. கழித்துப் பார்த்தால் ஏழெட்டு ஸ்லைடு மிஞ்சினாலே அதிகம். அவற்றிலும் பாதி ஒற்றை வரியாக இருக்கும்.

அந்த ஒற்றை வரிகளில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. "நன்றாக ஃப்ளஷ் செய்யவும்" என்பதையே எடுத்துக்கொள்வோம். உங்களிடம் இருக்கும் பழைய கை ஒருவரோடு ஒரு வீட்டுக்குப் போய், அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். புது கார்பன் ஃபில்டரிலிருந்து முதலில் கருப்புத் தூள் வரும். அது மெம்பிரேனுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். அதனால் அவர் மெம்பிரேனுக்குப் போகும் டியூபைக் கழற்றி வாளிக்குள் விடுவார். இது எந்த ஸ்லைடிலும் இருக்காது. எஸ்.ஓ.பி.யில் இப்படி எழுதலாம்:

படி 6. கார்பன் ஃபில்டரிலிருந்து மெம்பிரேனுக்குப் போகும் டியூபைக் கழற்றி வாளிக்குள் விடவும்.
படி 7. தண்ணீரைத் திறந்து ஓடவிடவும். வெள்ளை டம்ளரில் பிடித்துப் பார்க்கவும். அடியில் கருப்புத் தூள் இருந்தால் இன்னும் ஓடவிடவும்.
படி 8. தூள் இல்லையென்றால் டியூபை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கவும். கையோடு வந்தால் சரியாக உட்காரவில்லை.

படி 7-இல் "பத்து நிமிடம்" என்று எழுத வேண்டாம். மாடித் தொட்டி உயரத்தைப் பொறுத்து வேகம் மாறும். நேரம் சொன்னால் பையன் கடிகாரத்தைப் பார்ப்பான், தண்ணீரைப் பார்க்க மாட்டான். நானே ஒருமுறை அப்படி எழுதி மாட்டிக்கொண்டேன்.

எண் தேவைப்படும் இடமும் உண்டு. "டி.டி.எஸ். செக் செய்யவும்" என்ற வரிக்கு எண் இல்லாவிட்டால் பயனில்லை. நல்ல மெம்பிரேன் பொதுவாக 90 சதவீதத்துக்கு மேல் உப்பை எடுத்துவிடும். உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900 என்றால் வெளியே 90-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வர வேண்டும். 300 காட்டினால் என்ன செய்வது? சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது மூடியிருந்தும் குறையவில்லை என்றால் மெம்பிரேனின் ரப்பர் ஓ-ரிங் ஒழுங்காக உட்காராமல் சுத்திகரிக்காத தண்ணீர் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் அளவெடுக்கும் படிக்குக் கீழேயே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் "பிரச்சினைகளும் தீர்வுகளும்" என்று தனியாகப் போட்டால், அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு யாரும் அவ்வளவு தூரம் புரட்ட மாட்டார்கள். எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற எல்லையை மட்டும் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துப் போடுங்கள். பி.பி.டி. பெரும்பாலும் மூன்று நான்கு மாடலுக்குப் பொதுவாக இருக்கும். எஸ்.ஓ.பி. ஒரு மாடலுக்கு ஒன்றுதான்.

எழுதி முடித்ததும் நேற்றுச் சேர்ந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து, கடையிலேயே ஒரு மெஷினைப் பொருத்தச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படி 7-இல் ஒருவர் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். சில மாடல்களில் சோலனாய்டு வால்வு கார்பனுக்கு முன்னால் இருக்கும். கரண்ட் போட்டால்தான் அது திறக்கும், தண்ணீரும் வரும். பழைய கைக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றியிருக்காது. உங்கள் மாடலும் அப்படியென்றால் "பிளக்கை மாட்டி சுவிட்ச் போடவும்" என்ற வரியை அதற்கு முந்தைய படியாகச் சேர்த்து, தாளின் தலைப்பில் மாடல் எண்ணையும் திருத்திய தேதியையும் போட்டு, பழைய பிரிண்டுகளைக் கிழித்துவிடுங்கள்.