குழம்பில் கரைந்த தேங்காயை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: எடை குறைப்பதற்காக ஒரு செயலியில் தினமும் சாப்பாட்டைக் குறித்துவருகிறேன். அதில் 'காய்கறிக் கூட்டு, ஒரு கிண்ணம்' என்று போட்டால் 110 கலோரி என்கிறது. எங்கள் ஊர் திருநெல்வேலி. தேங்காய் அரைத்துவிடாத கூட்டு எங்கள் வீட்டில் கிடையாது, விடுமுறை நாள் என்றால் தேங்காய்ப் பால் சொதி. மூன்று மாதமாகக் கணக்கு சரியாக இருக்கிறது, எடைதான் இறங்கவில்லை. தேங்காய்க்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்? பாலை எப்படி அளப்பது?

பதில்: செயலி சொல்லும் 110 கலோரி பெரும்பாலும் தேங்காய் இல்லாத கூட்டுக்கு உரியது. உங்கள் வீட்டுக் கூட்டையே போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்கு 400 கிராம் புடலங்காய், 60 கிராம் பாசிப்பருப்பு, தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்க்கு ஏறக்குறைய 75, பருப்புக்கு 210, எண்ணெய்க்கு 90. ஆக 375 கலோரி, ஆளுக்கு 94. செயலியின் எண்ணுக்கு அருகில் வந்துவிட்டோம். இனி ஒரு மூடித் தேங்காயைத் துருவி, சீரகமும் மிளகாயும் வைத்து அரைத்துவிடுகிறீர்கள். துருவல் 100 கிராம் என்றால் அதற்கு மட்டும் சுமார் 400 கலோரி. மொத்தம் 775, ஆளுக்கு 194. தேங்காய் ஒன்றே கூட்டின் கலோரியை இரண்டு மடங்காக்கிவிட்டது.

இந்த 100 கிராம் துருவலில் 37 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. ஆளுக்கு 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய். ஆளுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெயைக் கூட்டின் மேல் ஊற்றினால் நீங்கள் கட்டாயம் குறித்துவைப்பீர்கள். அரைத்த தேங்காய் வெள்ளை விழுதாகக் காயோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எண்ணெய் பிரியாத கூட்டில் எண்ணெய்ச் சத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். விழுதில் இருக்கும் புரதமும் நாரும் கொழுப்பைத் துளித்துளியாகப் பிடித்துவைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதிகம் கொதித்துத் திரிந்தால் அதே எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தாலும் மிதக்காவிட்டாலும் கலோரி ஒன்றே.

400 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் 100 கிராம் தேங்காய்க்கு 354 கலோரி, 33 கிராம் கொழுப்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 444 கலோரி, 41 கிராம் கொழுப்பு. இரண்டும் பிழையல்ல. காய் எவ்வளவு முற்றியிருக்கிறது, எவ்வளவு ஈரம் வற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். குழம்புக்கு நாம் வாங்குவது முற்றிய காய் என்பதால் நடுவாக 400 கலோரி, 37 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கொப்பரையோ கடையில் விற்கும் உலர்துருவலோ போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் நீர் மிகக் குறைவு, 100 கிராமுக்கு 660 கலோரி வரை போகும்.

அளப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. துருவும் முன் மூடியைத் தராசில் வையுங்கள், துருவி முடித்ததும் சிரட்டையை வையுங்கள். வித்தியாசம்தான் குழம்புக்குப் போன தேங்காய். ஸ்பூன் கணக்கில் நான் நம்பிக்கை வைப்பதில்லை. லேசாக அள்ளிய ஒரு மேசைக்கரண்டித் துருவல் 5 கிராம் என்றால், அழுத்தி அள்ளியது 10 கிராமைத் தொட்டுவிடும்.

சொதிக்கு வருவோம். பால் வேறு கதை, ஏனென்றால் தேங்காயின் கொழுப்பு முழுவதும் பாலில் இறங்குவதில்லை. சக்கையைப் பிழிந்துவிட்டு விரல்களைப் பாருங்கள், பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியிருக்கும். மிக்ஸியில் வெந்நீர் விட்டு அரைத்துக் கையால் பிழிந்தால் பாதிக்குச் சற்று மேலே பாலுக்கு வரும் என்று நான் கணக்கிடுவது வழக்கம். 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை அரைத்து நன்றாகப் பிழிபவர் 70 வரை எடுப்பார், அவசரமாகப் பிழிபவர் 50-இல் நிற்பார்.

பெரிய தேங்காய் ஒன்றில் 280 கிராம் பருப்பு எடுத்தீர்கள் என்றால் அதில் 104 கிராம் கொழுப்பு. பாலுக்கு வருவது 62 கிராம், 560 கலோரி. கூடவே கரைந்துவரும் சர்க்கரைக்கும் புரதத்துக்கும் ஒரு 40 சேர்த்து 600. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் சேர்ந்து அரை கிலோவுக்கு 250, பாசிப்பருப்பு 50 கிராமுக்கு 175, சின்ன வெங்காயத்துக்கு 30, தாளிக்கும் நெய்க்கு 90. ஆக 1145. நான்கு பேருக்குப் பங்கிட்டால் 285 கலோரி, அதில் 150 தேங்காயினுடையது. பிழிவதில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஆளுக்கு 25 கலோரிக்கு மேல் போகாது, அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று கிண்ணக் கணக்கில் குறிப்பதுதான் குழப்பம். எத்தனை கிண்ணம் பால் வந்தது என்பது நீங்கள் விட்ட தண்ணீரின் அளவு. கலோரி தேங்காயின் எடையில் இருக்கிறது. செயலியில் 'தேங்காய்ப் பால்' என்று தேடுபவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மாட்டுப் பாலுக்கு மாற்றாகக் குடிப்பதற்கென்று நிறையத் தண்ணீர் சேர்த்து விற்கும் தேங்காய்ப் பானமும் அதே பெயரில் வந்து நிற்கும். 100 மில்லிக்கு 20, 30 கலோரி என்று காட்டினால் அது உங்கள் முதல் பால் அல்ல. டப்பாப் பாலில் 100 கிராமுக்கு 200 கலோரியை ஒட்டி இருப்பது சாதாரணம். டப்பாவோ பாக்கெட்டோ வாங்கினால் லேபிளில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, ஊற்றிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கே 60 சதவீதக் கணக்கு வேண்டாம், சக்கை ஏற்கெனவே போய்விட்டது.

வீட்டுச் சக்கையைத் தூக்கி எறிந்தால்தான் மேலே சொன்ன 600 பொருந்தும். வீணாக்க மனமில்லாமல் பீன்ஸ் பொரியலில் தூவினாலோ, வறுத்துப் பொடியில் சேர்த்தாலோ மீதி 42 கிராம் கொழுப்பும் அன்றைய சாப்பாட்டுக்குள் வந்துவிடும். அன்று முழுத் தேங்காயையும் கணக்கில் எழுதுங்கள், 280 கிராமுக்கு 1120 கலோரி.

பங்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சற்று நேரம் அசையாமல் இருந்த சொதியில் கொழுப்பு மேலே ஏறி நிற்கும். முதல் கரண்டி வாங்குபவருக்கு அது கூடுதலாகவும், அடியில் காயை அரித்து எடுப்பவருக்குக் குறைவாகவும் போகும். கலக்கிவிட்டுப் பரிமாறுங்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும் வீடானால், வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துவைத்து, சமைத்தபின் மொத்த எடையிலிருந்து கழியுங்கள். 1145 கலோரிச் சொதி 1600 கிராம் தேறினால், 100 கிராமுக்கு 72 கலோரி. உங்கள் கிண்ணத்தில் 350 கிராம் விழுந்தால் 250. தொட்டுக்கொள்ளும் இஞ்சித் துவையலிலும் தேங்காய் வைத்து அரைத்திருந்தால், அதையும் சிரட்டை எடையைக் கொண்டே எழுதிக்கொள்ளுங்கள்.