செவுள் சிவப்பு, கண் வெள்ளை: எதை நம்புவது?

கேள்வி: சங்கரா மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. ஆனால் கண் வெள்ளையாக மங்கியிருந்தது. "ஐஸ்ல வச்சது, அப்படித்தான் இருக்கும்" என்றார். வாங்கலாமா?

பதில்: அவர் சொன்னது பாதி உண்மை. ஐஸ் நேராகக் கண்ணில் பட்டாலோ, உருகிய ஐஸ் தண்ணீரில் மீன் ஊறிக் கிடந்தாலோ, மீன் கெடாமலேயே கண் வெளுத்துவிடும். அதனால் கண்ணின் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். மீனைக் கிடத்தியபடி இல்லாமல் கையில் தூக்கி, தலையைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். புது மீனுக்குக் கண் வெளியே புடைத்திருக்கும், நாளாக ஆகத் தட்டையாகி, அப்புறம் குழி விழும். கண்ணை வெளுக்க வைக்கிற ஐஸ் அவ்வளவு சீக்கிரம் குழி விழ வைக்காது.

செவுளின் சிவப்பு ரத்தத்தின் நிறம். நாளாக நாளாகக் கறுத்துப் பழுப்பாகும், ஐஸ் தண்ணீரில் கிடந்தால் ரத்தம் கழுவப்பட்டு வெளிர் ரோஜா நிறமாகும். வெளிர் நிறம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பழுப்போ சாம்பலோ ஆகி மேலே கலங்கிய கொழகொழப்பு படிந்திருந்தால்தான் வேண்டாம். புது மீனின் செவுளிலும் வழவழப்பு உண்டு, ஆனால் அது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், செவுளின் இழைகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை சரி. புளித்த வாடையோ மூக்கைச் சுள்ளென்று தாக்கும் வாடையோ வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

உங்கள் மீனுக்கு வருவோம். கண் வெள்ளையாக இருந்தாலும் புடைத்திருக்கிறது, செவுளில் தெளிவான வழவழப்பு, சதையை அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்புகிறது என்றால் தாராளமாக வாங்கலாம், அது ஐஸில் இருந்த நல்ல மீன்தான். ஆனால் கண் குழி விழுந்திருக்க, செவுள் மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தால் சந்தேகப்படுங்கள், சாயமோ வேறு மீனின் ரத்தமோ தடவியிருக்கலாம். ஈரமான வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு குங்குமத் தண்ணீர் மாதிரி ஓடிப் பரவினால் சாயமாக இருக்கலாம், ஆனால் தடவிய ரத்தத்தை இது காட்டிக் கொடுக்காது. துடைக்க விடாமல் அவசரப்படுத்துகிற கடைக்காரர் அப்போதே பதில் சொல்லிவிட்டார்!

எல்லா மீனுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. மத்தி வலையில் நெரிபட்டே கண் சிவந்துபோகும், அதற்கு வயிறு வெடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அயிலை, சூரை இரண்டிலும் இன்னொரு சிக்கல்: வெயிலில் கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகத் தொடங்கும். கண்ணும் செவுளும் அப்போதும் சுமாராகவே தெரியலாம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்டால் முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். இந்த இரண்டையும் ஐஸ் போடாத தட்டிலிருந்து வாங்காதீர்கள், செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் சரி.