கார்த்திகை அகல், திரைச்சீலை, ஒரு கிளைம்: சர்வேயர் பதில்கள்

கேள்வி (இல்லத்தரசி, மடிப்பாக்கம்): கார்த்திகைக்கு ஜன்னல் திட்டில் அகல் வைத்தேன். காற்றில் திரை பற்றி ஹால் கருகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். நாளை சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருகிறார். உண்மையைச் சொன்னால் பணம் வராது, மின்கசிவு என்று சொல்லு என்கிறார் அண்ணி. என்ன செய்ய?

பதில்: அகல் வைத்தேன், திரை பற்றியது என்றே சொல்லுங்கள் அம்மா. வீடுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் தரும் பொதுவான பாலிசி பாரத் கிருஹ ரக்ஷா. அதில் தீ விபத்துக்குப் பணம் உண்டு. நீங்களோ உங்கள் சம்மதத்தோடு வேறொருவரோ வேண்டுமென்றே செய்ததற்குத்தான் கிடையாது. விளக்கைத் தள்ளி வைக்க மறந்தது அந்தக் கணக்கில் வராது.

பொய் சொன்னால்தான் ஆபத்து. நான் பல வருடம் சர்வேயராக இருந்தவன். உள்ளே நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். தீ தொடங்கிய இடத்திலிருந்து கரி மேல்நோக்கி விரிந்து போயிருக்கும். உங்கள் வீட்டில் அது ஜன்னல் திட்டிலிருந்து கிளம்பும். திட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், அகல் ஓடு கிடக்கும். பக்கத்தில் உள்ள ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே ஒயர் நன்றாகவே இருக்கும். மின்கசிவு என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாளும் இந்தச் சுவரும் ஒத்துப்போகாது. மோசடி என்று எழுதிவிட்டால், நியாயமாக வரவேண்டிய பணமும் சேர்ந்து போகும்.

சர்வேயர் வரும்வரை சுத்தம் செய்யாதீர்கள். கரியைத் துடைத்துவிட்டு, கருகிய சோபாவைத் தெருவில் போட்ட பிறகு கூப்பிடுபவர்களுக்கு என்னால் எதையுமே எழுத முடியாமல் போயிருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்திருந்தால் நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு இன்றே மனு கொடுங்கள்.

கேள்வி (அதே வாசகி): பில் ஒன்றும் இல்லை. பீரோவில் இருந்த ரொக்கம் 20,000 ரூபாயும் இரண்டு சவரன் செயினும் போய்விட்டது. எவ்வளவு வரும்?

பதில்: நீங்கள் அனுப்பிய பாலிசியில் கட்டடத்துக்கு 30 லட்சம் என்று இருக்கிறது. அதில் 20 சதவீதம், அதாவது 6 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே உண்டு. இந்தத் தானான பாதுகாப்பு 10 லட்சத்தைத் தாண்டாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உங்கள் பட்டியலில் சுவர்ப் பூச்சு, ஜன்னல், ஒயரிங் எல்லாம் சேர்ந்து 72,000. சோபா 45,000, டிவி 38,000. ஆக 1,55,000 ரூபாய் கேட்க இடமிருக்கிறது. இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவுக்கு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை, சுமார் 3,100 தனியாகக் கேட்கலாம். டிவி தீயில் எரியவில்லை, தீயணைப்பு வீரர் அடித்த தண்ணீரில்தான் போனது என்றாலும் கொடுக்கவேண்டும். படுக்கை அறையில் படிந்த புகைக்கரியும் அப்படித்தான். இதை நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ரொக்கம் கிடையாது அம்மா, அதை பாலிசி நேரடியாகவே விலக்கியிருக்கிறது. நகைக்கு விலைமதிப்புள்ள பொருட்கள் என்று தனியாகப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இல்லை.

பில் இல்லாததற்குக் கலங்க வேண்டாம். நவராத்திரிக்கு வந்தவர்கள் எடுத்த கொலு படங்களைத் தேடுங்கள். படிக்குப் பின்னால் டிவியும் சோபாவும் எப்படியும் தெரியும். இதேபோன்ற படம் ஒன்றை வைத்து ஒரு வீட்டின் முழுப் பட்டியலையும் நான் ஏற்றிருக்கிறேன்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், சேலம்): எதற்கு ஆசை காட்டுகிறீர்கள்? நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறதே. அஜாக்கிரதை என்றால் தள்ளுபடிதான்.

பதில்: நிபந்தனை இருப்பது உண்மை, பாதி சரியாகச் சொன்னீர்கள். ஆனால் சாதாரண மறதியையும் அதில் சேர்த்தால் எந்தத் தீக்கும் பணம் தரவேண்டியிருக்காது. வீட்டில் பற்றும் தீயில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய கவனப்பிசகுதான். நடக்கும் என்று தெரிந்தும் நடந்தால் நடக்கட்டும் என்று செய்வதற்குத்தான் அந்த நிபந்தனை பொருந்தும்.

ஒரு வீட்டில் வெடி நமுத்துவிட்டதென்று எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கம்பெனி வாதாடும், வாதாட இடமும் இருக்கிறது. விளக்கை ஏற்றிவிட்டு அசந்து தூங்கியவரோடு அவரைச் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதை எந்தப் பாலிசியும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் பட்டாசு வாங்கி வைத்து விற்பது வேறு கதை. குடியிருப்பு என்று சொல்லி எடுத்த பாலிசி அது. வீட்டைக் கடையாக்கியதைச் சொல்லவில்லையென்றால் அங்கே சிக்கல் நிச்சயம்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி): உச்ச நீதிமன்றம் 2020-ல் கனரா வங்கி வழக்கிலும் 2023-ல் முதித் ரோட்வேஸ் வழக்கிலும் தீயின் காரணம் முக்கியமல்ல, பாலிசிதாரர் மூட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றது. அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: நன்றி சார், அதுதான் அடிப்படை. இரண்டும் வீட்டு வழக்குகள் இல்லை, ஆனாலும் கொள்கை ஒன்றுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நிராகரித்துக் கடிதம் வந்தால் எடுத்தவுடன் வழக்குக்குப் போக வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதவேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, பக்கத்து வீட்டு ராக்கெட் விழுந்து போர்டிகோவில் நின்ற என் பைக் எரிந்துவிட்டது. அப்பாவின் வீட்டு பாலிசியில் கேட்கலாமா? தம்பிக்குக் கையில் தீக்காயம், அதுவும் வருமா?

பதில்: பைக் வராது தம்பி, வீட்டு பாலிசியில் வாகனம் சேராது. உன் பைக் பாலிசியை எடுத்துப் பார். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் தீக்கு அதில் உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் இல்லை. போர்டிகோ கூரை கருகியிருந்தால் அதை அப்பா கேட்கலாம். கம்பெனி கொடுத்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் வசூலிக்கப் பார்க்கும், அது அவர்கள் பாடு. அதற்கு முன்னால் நீங்களே அவரோடு சமாதானம் பேசி, இனிமேல் எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவு மெடிக்ளைமில்தான். முதலில் அவன் கையைக் கவனியுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): தமிழ்நாட்டில் தீபாவளிக்கு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மட்டும்தான் வெடிக்கலாம். நாங்கள் இரவு 10 மணிக்கு வெடித்தபோது மாடியில் தீ. போலீஸ் கேஸ் ஆகிவிட்டது. கிளைம் போய்விடுமா?

பதில்: நேரம் மீறினால் பணம் இல்லை என்று பாலிசியில் ஒரு வரியும் கிடையாது. தீயை மூட்டும் எண்ணத்தில் யாரும் வெடிக்கவில்லை, ஆகவே கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. நியாயமான கவனம் என்ற நிபந்தனையைக் காட்டி கம்பெனி மறுக்கப் பார்க்கலாம், எனக்குத் தெரிந்த சர்வேயர்களே இதில் இரண்டு பக்கமாகப் பேசுகிறார்கள். எப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்கிப் படியுங்கள். நீங்கள் கிளைம் படிவத்தில் எழுதும் மணியும் அதில் உள்ள மணியும் ஒன்றாக இருக்கட்டும், 10 என்றால் 10.